'எதுனாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க'

டிசம்பர் விடுமுறை வந்தால் மாத்தளைப் பக்கம் சிறுவர் முகாம்கள் தொடங்கிவிடும். கோயில், சேர்ச், பள்ளிவாசல், விகாரை என்று வித்தியாசமே இல்லை. மண்டபம் இருக்கிறது, சமையல் பாத்திரம் இருக்கிறது, எங்களைப் போல லீவில் வீட்டுக்கு வந்த கெம்பஸ் பிள்ளைகள் இருக்கிறார்கள். உக்குவளை, ரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை வேனில் ஏற்றி வருவார்கள். இரண்டு மூன்று நாள் பாட்டு, விளையாட்டு, கதை, சாப்பாடு. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு வீட்டுக்கு வெளியே கிடைத்த முதல் சந்தோஷம் இப்படியான ஒரு முகாம்தான்.

சண்டை, முகாமுக்கு இரண்டு நாளுக்கு முன் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் அந்தச் செய்தியோடு. 'சிறுவர் பாதுகாப்பு வழிகாட்டல்' என்று தலைப்பு. நான் தொண்டு செய்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம், எந்த மதம் என்பதும் வேண்டாம்) வந்ததில் மொத்தம் பன்னிரண்டு வரி. அதில் ஏழு வரி பெண் தொண்டர்கள் என்ன உடுத்த வேண்டும், எப்படித் தலை வார வேண்டும், யாரோடு சிரித்துப் பேசக்கூடாது என்பது பற்றி. அதாவது எங்களைப் பற்றி. பிள்ளைகளைப் பற்றியது மூன்று வரி: அன்பாக இருங்கள், அடிக்காதீர்கள், படம் எடுத்தால் குழுவில் போடுங்கள். கடைசியில் தடித்த எழுத்தில்: "எதுனாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க. வெளியில கதைக்க வேணாம்."

மற்ற வரிகளைச் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த வரியை அப்படி விட முடியாது. ஒரு பிள்ளைக்கு முகாமில் ஏதாவது நடந்தால், அந்தப் பிள்ளையையும் உதவி செய்யக்கூடிய சட்டத்தையும் பிரிக்கிற சுவர் இந்த வரிதான்.

'எங்ககிட்ட' என்றால் யாரிடம்? நிர்வாக சபையிடம். நிர்வாக சபையில் யார்? மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர், வேன் கொடுத்தவர், திருவிழா உபயகாரர், அவருடைய மச்சான். சிறிய ஊரில் இது தவிர்க்க முடியாதது, அதற்காக அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்படுகிறவர் அந்த வேன்காரராக இருந்தால்? விசாரிக்கப்பட வேண்டிய இடமே விசாரிக்கிற இடமாகவும் இருக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படிக்கத் தேவையில்லை.

இது கற்பனைப் பயம் என்பவர்கள் இங்கிலாந்தின் ஜோன் ஸ்மித் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பூசாரி அல்ல, பாதிரியார் அல்ல. பெரிய வழக்கறிஞர், பக்திமான். டோர்செட் பகுதியில் ஐவேர்ன் என்ற பெயரில் நடந்த கிறிஸ்தவ விடுமுறை முகாம்களில் முன்னின்றவர், அதை நடத்திய அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்தவர். அங்கே பழகிய பையன்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, 'பாவத்துக்குத் தண்டனை' என்று தோட்டத்துக் கொட்டிலில் வைத்துப் பிரம்பால் இரத்தம் வர அடித்தார். 1982இல் இது முகாம் பொறுப்பாளர்களுக்குத் தெரியவந்தது. அவர்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. மார்க் ரஸ்டன் என்ற மதகுரு விசாரித்து ஒரு முழு அறிக்கையே எழுதினார். அது ஒரு சிலரின் கைகளுக்கு மட்டும் போனது. பொலிஸுக்குப் போகவில்லை. வெளியே தெரிந்தால் கடவுளின் பணிக்குக் கேடு என்று நினைத்ததாக அவர்களில் ஒருவரே பின்னாளில் சொன்னார்.

அதாவது 'முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க' என்ற விதி அங்கே மிகச் சரியாக வேலை செய்தது. சொன்னார்கள், கேட்டார்கள், எழுதினார்கள், மூடினார்கள். ஸ்மித் 1984இல் சிம்பாப்வேக்குப் போனார். அங்கே என்ன செய்தார்? மறுபடி சிறுவர் முகாம் தொடங்கினார். 1992 டிசம்பரில் அவருடைய முகாம் ஒன்றில் 16 வயது மாணவன் ஒருவனின் உடல் நீச்சல் குளத்தில் கிடந்தது. அடுத்த வருடம் புலவாயோவின் மதகுருமார் கேட்டுக்கொண்டதால் டேவிட் கோல்டார்ட் என்ற வழக்கறிஞர் இன்னோர் அறிக்கை எழுதினார். பிறகு ஸ்மித் தென்னாபிரிக்காவுக்குப் போனார். 2018இல் கேப் டவுனில் இறந்தபோது எந்த நீதிமன்றமும் அவருக்குத் தண்டனை கொடுத்திருக்கவில்லை. 2024 நவம்பரில் வெளிவந்த மேக்கின் அறிக்கை, இரண்டு கண்டங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் 100க்கும் அதிகம் என்றது. அந்த அறிக்கை வந்து சில நாளில் கன்ரபரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகல் அறிவித்தார். 1982இல் ஒரே ஒரு ஆள் பொலிஸுக்குப் போயிருந்தால் சிம்பாப்வேப் பிள்ளைகளின் கதை வேறாகியிருக்கும்.

சரி, மாத்தளைக்கு வருவோம். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தேத்தண்ணி குடிக்காமல் மூலையில் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் போய் உட்காருகிறீர்கள். "அந்த மாமா என்னைய ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்? வழிகாட்டல் என்று ஒன்று இருந்தால் அது பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

கேளுங்கள், தோண்டாதீர்கள். "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்கலாம். "அவர் உன்ன இங்க தொட்டாரா?" என்று கேட்கக்கூடாது. ஏனென்றால் பிள்ளை பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்லப் பழகியது. நீங்கள் வார்த்தையை வாயில் வைத்தால், நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது அந்த வார்த்தையைத்தான். நிர்வாக சபை செய்கிற பெரிய கேடும் இதுவே. தலைவர் கூப்பிட்டுக் கேட்பார், செயலாளர் கேட்பார், பிறகு 'அந்த மாமா'வையும் எதிரில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். மூன்றாவது தடவையில் பிள்ளை "இல்ல, ஒண்ணும் நடக்கல" என்றுவிடும். அதோடு விஷயம் முடிந்ததாக எழுதிவிடுவார்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளையை எப்படி வதைக்கிறது என்பதால்தான் 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், சிறுவரின் ஆரம்ப நேர்காணலை வீடியோவில் பதிந்து சாட்சியமாகப் பயன்படுத்த இடம் கொடுத்தது. அந்த நேர்காணலைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அவர்கள் இல்லை.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். சொல்லத்தான் போகிறீர்கள். "எனக்குச் சொன்னது நல்லது, உனக்கு உதவி செய்யக்கூடிய ஆட்களுக்கு நான் சொல்லணும்" என்பது போதும். பிள்ளையைக் கழுவிவிட வேண்டாம், உடுப்பை மாற்றித் துவைக்கக் கொடுக்க வேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டியது அதிலும் இருக்கலாம். ஒதுங்கிப் போய், பிள்ளை சொன்ன அதே சொற்களை, திருத்தாமல், நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். 'ஸ்டோர் ரூம்' என்று சொன்னால் ஸ்டோர் ரூம் என்றே எழுதுங்கள்.

பிறகு 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு போகாது, தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம். ஆபத்து அந்த நேரமே இருக்கிறது என்றால் 119, அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகம். அந்த 'மாமா'விடம் போய்ச் சண்டை பிடிப்பது உங்கள் வேலை அல்ல. பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது மட்டும்தான் உங்கள் வேலை. பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் எடுக்கும்படி கேளுங்கள். தோட்டத்துத் தாய் ஒருத்தி தனக்கு விளங்காத சிங்கள எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் புதுக்கதை இல்லை. நிர்வாக சபைக்கும் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? போனை வைத்த பிறகு சொல்லுங்கள்.

"பொய்க் குற்றச்சாட்டு என்றால்? ஒரு மனுசன்ட மானம் போகாதா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில், விசாரிக்கத் தெரிந்தவர் விசாரிக்கட்டும் என்பதே. ஊரில் குசுகுசுத்து முடித்துவைத்தால் குற்றம் செய்யாதவரின் பெயரும் ஒருநாளும் சுத்தமாகாது. மூடி மறைக்கிறவர்களுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும்: குற்றவாளியைக் காப்பாற்றச் சாட்சியத்தை அழிப்பது தண்டனைச் சட்டக் கோவையின் 198ஆம் பிரிவின்படி குற்றம். துவைத்துக் காயப்போட்ட உடுப்பு அதற்குள் வரலாம்.

சில இடங்களில் இப்போது தொண்டர்களிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அது பிடிபட்டவரை மட்டுமே காட்டும். ஸ்மித்திடம் கேட்டிருந்தால் வெள்ளையாக ஒரு சான்றிதழ் கொண்டுவந்து கொடுத்திருப்பார். பாதுகாப்பு என்பது ஆளைப் பார்த்து வருவதில்லை, இடத்தையும் நேரத்தையும் ஒழுங்கு பண்ணுவதில் வருவது.

அந்த இடத்தைப் பற்றி எந்தச் செய்தியும் பேசுவதில்லை. பாடசாலையில் கேட்டைப் பூட்டலாம். வழிபாட்டிடத்தில் முடியாது, கும்பிட வருகிறவரை யார் தடுப்பது? பெரும்பாலும் கழிப்பறை மண்டபத்துக்குப் பின்னால், எல்லோருக்கும் பொதுவானது. எனவே பிள்ளைகள் மூன்று பேராகப் போக வேண்டும், ஒரு தொண்டர் வெளியே நிற்க வேண்டும், உள்ளே போகக்கூடாது. ஸ்டோர் ரூம் திறப்பு முகாம் முடியும்வரை ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டியிருந்தால் மண்டபத்திலேயே, மற்றவர் பார்க்கும் ஆனால் கேட்காத தூரத்தில் பேசலாம். ஆசீர்வாதம், காலில் விழுதல், கட்டிப்பிடித்தல் எதுவானாலும் பிள்ளை விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். 'பெரியவங்க சொன்னா கேக்கணும்' என்று காலையில் கதை சொல்லிவிட்டுப் பின்னேரம் 'கெட்ட தொடுகை என்றால் சத்தம் போடு' என்று படிப்பிக்கிறோம். பிள்ளை எதை நம்பும்?

பிறகு வேன். முகாம் முடிந்து தோட்டம் தோட்டமாக இறக்கிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பிள்ளை கடைசிப் பிள்ளையாக, மேல் டிவிஷனுக்குப் போகிற அந்த இருட்டு ரோட்டில் டிரைவரோடு தனியாக இருக்கிறது. டிரைவர் எவ்வளவு தங்கமானவர் என்பது இங்கே கேள்வியே இல்லை. இரண்டு தொண்டர்கள் கடைசி வரை போய்த் திரும்பி வர வேண்டும். அதற்கு இரண்டு சீற் வேண்டும், அதாவது வேனில் இரண்டு பிள்ளைகள் குறைவாக ஏற வேண்டும், அதாவது இன்னொரு நடைக்கு டீசல் காசு வேண்டும். இந்த வருடச் செலவுக் கணக்கில் பேனருக்கும் டீசேர்ட்டுக்கும் முன்னால் அதை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செயலாளர் நீல டிக் போட்டுவிட்டு இன்னும் பதில் எழுதவில்லை.