சராசரிக் கணக்கு சமாதானமாகாது

பையில் அடைத்து விற்கப்படும் உணவுப் பொருள்களைச் செய்யும் ஆலைக்குத் தணிக்கைக்கு வருபவர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: ஒவ்வாமை விளைவிக்கும் பொருள் சேர்ந்த சரக்கை ஓட்டிய யந்திரத்திலேயே, அப்பொருள் சேராத சரக்கை அடுத்து ஓட்டுமுன் நீங்கள் செய்வதென்ன? செய்தது போதுமானதென்பதற்கு ருஜு என்ன? கேள்வியின் முற்பாதிக்கு எந்த ஆலையிலும் விடை தயாராயிருக்கிறது. சுத்திகரிப்புப் பதிவேடு மேஜைமீது விரிக்கப்படுகிறது. நாள்தோறும் கட்டந்தோறும் அடையாளமிட்டுக் கையொப்பமும் வைத்திருக்கிறார்கள். பிற்பாதிக்குச் சொல்லப்படும் விடையைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். பெரும்பாலும் அது, முடிந்த சரக்கில் ஒரு பாக்கெட்டை ஆய்வுசாலைக்கு அனுப்பிப் பெற்ற "காணப்படவில்லை" என்னும் சான்றிதழாகவே இருக்கிறது. அச்சான்றிதழ் பொய்யன்று; ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையுமன்று என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பால் ஒவ்வாமை என்பது பால் ஜீரணமாகாமல் வயிறு உப்பும் உபாதையன்று. அது பாற்சர்க்கரையால் வருவது, வேறு விஷயம். ஒவ்வாமை பாலிலுள்ள புரதத்தால் வருவது. அப்புரதம் மில்லிகிராம் கணக்கில் உட்சென்றாலும் சில குழந்தைகளுக்கு உடல் தடித்து, மூச்சு முட்டி, உயிருக்கே அபாயம் நேரிடக்கூடும். ஆகவே கிருமியை ஒழிக்கும் முறைகளைக் காட்டி இங்கே தப்பித்துக்கொள்ள இயலாது. சாராயத்தால் துடைத்தால் கிருமி சாகும். புரதம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை அகற்றத்தான் வேண்டுமேயன்றி, கொல்வதற்கு அதற்கு உயிரில்லை.

இனி ஓர் ஆலையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். காலையில் சத்துமாவு ஓடுகிறது; அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கொழுப்பு நீக்கிய பால்பொடி. கோதுமையும் முந்திரியும்கூட அதில் உண்டெனினும், பாலை மட்டும் கணக்கிடுவோம். பிற்பகலில் அதே நிரப்பு யந்திரத்தில் வெறும் கேழ்வரகு மாவு, அரைக்கிலோ பாக்கெட்டுகளாக 1000, அதாவது 500 கிலோ. பாக்கெட்டின்மேல் பாலைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாலுக்கு அஞ்சும் தாய் கேழ்வரகைத்தான் தேடி வாங்குவாள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சத்துமாவு முடிந்தபின் யந்திரத்தில் 200 கிராம் மாவு எஞ்சி நின்றதென்று கொள்வோம். இது மிகையன்று, யந்திரத்தைக் கழற்றிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்த 200 கிராமில் பால்பொடி 20 கிராம். அதில் புரதம் ஏறக்குறைய 7 கிராம், அதாவது 7000 மில்லிகிராம். இதனை 500 கிலோவுக்கும் சமமாகப் பங்கிட்டால் கிலோவுக்கு 14 மில்லிகிராம் ஆகிறது. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச 30 கிராம் மாவு எடுத்தால் அதில் அரை மில்லிகிராமுக்கும் குறைவு. உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் பால் புரதத்துக்குச் சொன்ன ஆதார அளவு 2 மில்லிகிராம். பால் ஒவ்வாதவர்களில் நூற்றுக்கு ஐவரளவுக்கே அந்த அளவில் வெளிப்படையான குறி தோன்றலாமென்பது அதன் கருத்து. அரை மில்லிகிராம் எங்கே, இரண்டு எங்கே? சரக்கு குற்றமற்றதென்று ஆலையார் முடிவு கட்டுகிறார்கள்.

ஆனால் யந்திரம் சராசரிக் கணக்கு அறியாது. எஞ்சிய மாவு ஆயிரம் பாக்கெட்டுக்கும் சமமாகப் பிரிந்து செல்வதில்லை. புதிய மாவு பழைய மாவைத் தள்ளிக்கொண்டு முதலில் வெளியேறுகிறது. அதில் பாதி முதற் பத்துப் பாக்கெட்டுகளில் போயிற்றென்றால், 5 கிலோ மாவில் 3500 மில்லிகிராம் புரதம், கிலோவுக்கு 700. அதே 30 கிராம் கஞ்சியில் 21 மில்லிகிராம், ஆதார அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஐந்நூறாவது பாக்கெட்டை எடுத்து ஆய்வுசாலைக்கு அனுப்பினால் ஒன்றும் தென்படாதுதான். தென்படாத இடத்தில் தேடிப் பெற்ற சான்றிதழ் அது.

இதற்குப் பரிகாரமாக, முதலில் வரும் சில கிலோ மாவை ஓட்டித் தள்ளிவிடுகிறோம் என்று சில ஆலையார் சொல்வதுண்டு. நல்ல வழக்கந்தான், தள்ளிய மாவு மீண்டும் கேழ்வரகில் கலக்கப்படாமல், பால் சேர்ந்த சரக்குக்கோ குப்பைக்கோ போகவேண்டும் என்பது மட்டும் நிச்சயமாயிருத்தல் வேண்டும். ஆயினும் அவ்வழக்கம் தளர்ந்து கிடக்கும் மாவைத்தான் தள்ளும். ஒட்டிக் கிடக்கும் கட்டியைத் தள்ளாது. சல்லடைக்கும் ஹாப்பருக்கும் நடுவே கட்டியிருக்கும் துணிக்குழாயின் மடிப்பில் 5 கிராம் சத்துமாவு கட்டிதட்டி நின்று, யந்திரத்தின் அதிர்ச்சியில் நானூறாவது பாக்கெட்டில் விழுந்ததென்று வையுங்கள். அந்த ஒரு பாக்கெட்டில் 175 மில்லிகிராம் பால் புரதம். முதற் பாக்கெட்டையும் கடைசிப் பாக்கெட்டையும் சோதித்தவர் இதை எவ்வாறு அறிவார்?

ஆதலால் ருஜு என்பது மாவில் இல்லை, யந்திரத்தில் இருக்கிறது. மாவு ஆலையில் தண்ணீரால் கழுவுவது எளிதன்று. ஈரம் தங்கினால் மாவு பசையாகி ஒட்டும், கிருமியும் பெருகும். உலர்ந்த முறையிலேயே சுத்தம் செய்தாக வேண்டும். அதற்கு ஹாப்பரை இறக்கி, உள்ளிருக்கும் திருகையும் கலக்கிக் கையையும் கழற்றி, புனலையும் ரப்பர் வளையங்களையும் தனியே எடுத்து, உறிஞ்சு யந்திரத்தால் உறிஞ்சியபின் தூரிகையால் தேய்த்து மீண்டும் உறிஞ்ச வேண்டும். அழுத்தக் காற்றை ஊதித் தூசியை விரட்டுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. விரட்டப்பட்ட தூசி எங்கே போகிறது? அடுத்த யந்திரத்தின்மீதும், மேலே செல்லும் குழாயின் முதுகிலும் படிந்து, பிற்பகலில் திரும்பி இறங்குகிறது. துணிக்குழாயைச் சுத்தம் செய்ய முயல்வதே வீண். பால் சரக்குக்கு ஒன்று, பாலற்ற சரக்குக்கு வேறொன்று என்று நிறம் பிரித்து வைப்பதுதான் வழி. தூரிகைக்கும் அள்ளு கரண்டிக்கும் இதே விதி. இவற்றுக்காகும் செலவு சிறு ஆலைக்கும் தாங்கக் கூடியதே. கேழ்வரகைக் காலையில் ஓட்டிச் சத்துமாவைக் கடைசியில் வைத்துக்கொண்டால், தினம் ஒரு மாற்றம் மிச்சமாவதோடு, இரவில் ஆற அமரச் சுத்தம் செய்யவும் அவகாசம் கிடைக்கிறது. இதற்குச் செலவே இல்லை. இருந்தும் விற்பனைக்காரரின் அவசரத்துக்காக இந்த வரிசை எத்தனை நாள் மாற்றப்படுகிறதென்று உற்பத்திக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நல்ல தணிக்கை.

சுத்தம் செய்தபின் சோதனை. யந்திரப் பரப்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஒளிர்வை அளக்கும் ஏ.டி.பி. கருவியைக் காட்டிச் சிலர் திருப்தியடைகிறார்கள். அக்கருவி பால் புரதத்தை அறியாது. கிருமிகளிலும் உணவு எச்சங்களிலும் உள்ள வேறொரு பொருளையே அது அளக்கிறது. பால் புரதத்துக்கென்றே உள்ள சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. அவற்றிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. சில பட்டைகள் கேசினை மட்டும் அறியும். சத்துமாவில் பால்பொடிக்குப் பதில் பாலேட்டுத் தெளிநீர்ப் பொடி சேர்த்திருந்தால் அவை பெரும்பாலும் வாய் திறவா. மற்றது, புரதம் அளவுக்கு மிஞ்சியிருந்தால் பட்டையில் கோடே விழாமல் "இல்லை" என்று காட்டும் விநோதம். கண்ணுக்கே மாவு தெரியும் இடத்தில் பட்டை "இல்லை" என்றால் கண்ணை நம்பவேண்டும். கரைசலை நீர்த்து மீண்டும் பார்க்கவேண்டும். கேழ்வரகில் உள்ள துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பற்றிக்கொண்டு சோதனையை மறைக்கவும் கூடும். ஆகவே அறிந்த அளவு பால்பொடியை வேண்டுமென்றே கேழ்வரகில் கலந்து, பட்டை அதைக் காட்டுகிறதா என்று ஒரு முறையாவது பார்த்திராத ஆலையின் "காணப்படவில்லை" எதற்கும் உதவாது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பால் இருக்கலாம் என்று அச்சிட்டுவிட்டால் தீர்ந்தது" என்பது முதலாளிகளின் இறுதி ஆக்ஷேபம். நமது நாட்டு 2020-ஆம் வருஷத்து முகப்புச்சீட்டு விதிகளில் அப்படி அச்சிட இடமிருக்கிறது. இடமிருப்பது உண்மை; அது சுத்திகரிப்புக்குப் பதிலாக ஏற்பட்டதன்று. இயன்றதெல்லாம் செய்தும் எஞ்சும் அபாயத்துக்கே அவ்வாசகம் என்பது 2020-இல் கோடெக்ஸ் சபை வெளியிட்ட நெறிமுறையின் போக்கு. தண்ணீர் படக்கூடாத மற்றொரு பண்டமான சாக்லேட்டின் கதையைப் பாருங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 100 கருஞ்சாக்லேட் பாளங்களைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டது. சேர்மானத்தில் பால் குறிக்கப்படாத 88-இல் 51 பாளங்களில் பால் இருந்தது. அந்நாட்டிலேயே 2023 முதல் எள்ளும் அறிவிக்க வேண்டிய பொருளானபோது, ரொட்டி ஆலைகள் சில, யந்திரத்தைச் சுத்தம் செய்வதைவிட எள் மாவை வேண்டுமென்றே சேர்த்து "எள் உண்டு" என்று அச்சிடுவது லேசு என்று கண்டன! சட்டத்துக்கு இதில் பங்கமில்லை. எள் ஒவ்வாதவர்கள் அதுகாறும் நம்பி உண்ட ரொட்டியை இழந்தார்கள், அவ்வளவுதான்.

தணிக்கைக்குச் செல்வோர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, சரக்கு மாறும் நேரத்தில் யந்திரத்தருகே நிற்கவேண்டுமென்று கோருகிறோம். சுத்தம் முடிந்ததென்று கையொப்பமிட்டபின் ஹாப்பரைக் கழற்றச் சொல்லுங்கள். திருகின் தண்டு நுழையும் வளையத்தையும் துணிக்குழாயின் மடிப்பையும் விளக்குப் பிடித்துப் பாருங்கள். சோதனைப் பட்டையை அங்கே வைக்கச் சொல்லுங்கள். நடு யந்திரத்தின் பளபளப்பான தகட்டில் வைப்பதில் பயனில்லை. முதற் பாக்கெட்டையே கையில் எடுங்கள். எடுத்ததும் அதன் உறையைப் படியுங்கள்: சுத்தம் முழுதும் சரியாக நடந்த நாளில்கூட, சத்துமாவின் பாதிச் சுருளும் கேழ்வரகின் பாதிச் சுருளும் ஒரே அலமாரியில் கிடந்து, சத்துமாவு கேழ்வரகு உறையில் அடைபட்டுப் போவதுண்டு. அப்பொழுது உள்ளே போவது மில்லிகிராம் அன்று. ஒவ்வோர் அரைக்கிலோ பாக்கெட்டிலும் 50 கிராம் பால்பொடி.