மண்ணின் கணக்கும் பட்டதாரியின் வருமானமும்

பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் பட்டதாரிகளில் பெரும்பாலானோர் அரசாங்க நியமனத்தையோ தனியார் கம்பனி ஒன்றின் விற்பனைப் பதவியையோ எதிர்பார்த்திருப்பது வழமை. அவ்வாறு காத்திராமல், தமது ஊரைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளின் மண்ணைப் பரிசோதித்து, எந்தப் பயிருக்கு எதனை எவ்வளவு இட வேண்டும் என்று கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கலாம் என்ற எண்ணம் அவர்களுள் சிலரிடம் எழுவது இயல்பானதே. இவ்வெண்ணம் கண்டி மாவட்டத்தில் எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதை ஆராய்வது இன்று அவசியமாகின்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலினால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மண்சரிவுக்குள்ளான சரிவுகளில் மேல்மண் கழுவிச் செல்லப்பட்டு அடிமண் வெளித்தெரிகின்றது. பள்ளங்களிலோ மணலும் சேறும் படிந்துள்ளன. நேற்று வரை அந்த நிலத்துக்குப் பொருந்திய பசளை அளவு இன்று பொருந்தும் என்று எவராலும் கூற முடியாது.

மண் பரிசோதனைக்கு நாட்டில் வசதி இல்லை என்பதல்ல பிரச்சினை. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையிலேயே உள்ளது. கன்னொறுவையில் உள்ள அதன் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வுகூடமும் உண்டு. ஆனால், அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள தெல்தோட்டையிலோ கலஹாவிலோ அரை ஏக்கரில் போஞ்சியும் கோவாவும் பயிரிடுபவர் தமது வாழ்நாளில் ஒரு தடவையேனும் மண்ணைப் பரிசோதித்திருப்பாரா என்பது சந்தேகமே. ஆய்வுகூடத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே இருக்க வேண்டிய மனிதர் இல்லாமற் போனதே இதற்குக் காரணம். 13ஆவது திருத்தத்தின் பின்னர் விவசாய விரிவாக்கப் பணியின் பெரும்பகுதி மாகாண சபைகளின் பொறுப்பானது. 1980களின் இறுதியை அண்டிய காலப்பகுதியிலேயே கிராம மட்ட விரிவாக்க உத்தியோகத்தர்கள் பெருந்தொகையாகக் கிராம உத்தியோகத்தர்களாக உள்வாங்கப்பட்டனர். அதனால் ஏற்பட்ட வெற்றிடத்தைப் பசளைக் கடைக்காரரே பெரிதும் நிரப்பி வந்துள்ளார் எனலாம். அவர் விற்பதையே அவர் பரிந்துரைப்பார் என்பதில் வியப்பில்லை.

இந்த இடைவெளியில் நுழைய விரும்பும் பட்டதாரிக்கு முதலில் தேவைப்படுவது விலையுயர்ந்த கருவியல்ல. ஒழுங்காக மாதிரி எடுக்கும் பொறுமையே. ஆய்வுகூடம் எவ்வளவு நுட்பமானதாயினும், அதற்குக் கிடைப்பது அரைக் கிலோ மண் மாத்திரமே. அந்த அரைக் கிலோ முழுத் தோட்டத்தையும் பிரதிநிதித்துவப்படுத்தாவிடின் அறிக்கை வெறும் கடதாசியாகும். மரக்கறித் தோட்டத்தில் வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஏறத்தாழ 15 சென்றிமீற்றர் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தி அனுப்ப வேண்டும். பசளை இட்ட வரிசை, எருக்குவியல் கிடந்த இடம், மர நிழல் ஆகியன தவிர்க்கப்படல் வேண்டும். மலைநாட்டின் படிக்கட்டுத் தோட்டங்களில் மேற்படியின் மண்ணும் கீழ்ப்படியின் மண்ணும் ஒன்றல்ல. எனவே அவற்றை ஒரே பையில் கலப்பது பெருந்தவறாகும். மிளகு, கராம்பு போன்ற பயிர்களுக்கு வேர்கள் பரவியுள்ள வட்டத்துக்குள்ளேயே மாதிரி எடுக்க வேண்டும். புயலில் மண் படிந்த பகுதியையும் மண் இழந்த பகுதியையும் தனித்தனியே எடுப்பது இப்போது கட்டாயமாகும்.

ஒரு தோட்டத்தை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்கலாம். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒருவர் அரை ஏக்கரில் போஞ்சியும் கோவாவும் மாறி மாறிப் பயிரிடுகின்றார். அருகில் சிறிதளவு தேயிலையும் உண்டு என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு போகத்திலும் கோழி எருவும் அதற்கு மேல் முச்சுப்பர் பொசுபேற்றும் இட்டும், போஞ்சி மஞ்சளாகி விளைச்சல் குறைகின்றது. பரிசோதனையில் மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.7 எனவும், பொசுபரசு மிக அதிகம் எனவும், பொட்டாசியம் நடுத்தரம் எனவும் தெரியவருகின்றது. மலைநாட்டு மரக்கறி நிலங்களில் இது அரிதான முடிவல்ல. அங்கு பொசுபரசு தேவைக்கு மேல் தேங்கியிருப்பதை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர்.

இவரது பயிரின் பிரச்சினை பசளைக் குறைவன்று, அமிலத்தன்மையே. பீ.எச். 5இற்குக் கீழே இறங்கும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தாக்குகின்றது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். கோவாவில் வேர்முடிச்சு நோயும் அமில மண்ணிலேயே அதிகம் பரவுகின்றது. இதற்கான மருந்து கண்டியை அண்டிய திகன, மாத்தளைப் பகுதிகளிலேயே கிடைக்கின்ற டொலமைட் ஆகும். ஹெக்டேயருக்கு 2 தொன் என்ற கணக்கில் அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கிலோ, அதாவது 50 கிலோ பொதிகள் எட்டு தேவைப்படும். இதனை இரு போகங்களுக்குப் பிரித்து, நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் மண்ணுடன் நன்கு கலந்து இடலாம். யூரியாவுடன் சேர்த்து இடுதல் கூடாது. நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். அருகிலுள்ள தேயிலைக்கு, அதன் மண்ணைத் தனியே பரிசோதிக்காமல், இதனை இடக் கூடாது. போஞ்சிக்கு ஒவ்வாத அதே அமிலத்தன்மைதான் தேயிலைக்குத் தேவையானது. உருளைக்கிழங்கு பயிரிடும் எண்ணமிருப்பின் அங்கும் எச்சரிக்கை வேண்டும். சுண்ணாம்புத்தன்மை மிகுந்தால் கிழங்கில் சொறி விழும்.

அடுத்தது செலவைக் குறைக்கும் ஆலோசனை. ஒரு தொன் கோழி எருவில், பசளைப் பொதிகளில் குறிக்கப்படும் கணக்கின்படி, 20 கிலோவுக்குக் குறையாத பொசுபரசு இருப்பது வழமை. முச்சுப்பர் பொசுபேற்றில் அதன் அளவு 46 சதவீதம். ஆகவே ஒரு தொன் கோழி எரு இட்டவர் ஏறத்தாழ 43 கிலோ முச்சுப்பர் பொசுபேற்றை ஏற்கெனவே இட்டுவிட்டார். மண்ணிலும் அது தேங்கியிருக்கையில், மேலும் ஒரு பொதி வாங்குவது பணத்தை ஆற்றில் கொட்டுவதற்கு ஒப்பானது. மழையில் கழுவப்படும் மண்ணோடு அது மகாவலியைச் சேரும் என்பதால் இவ்வொப்பீடு வெறும் பேச்சுமன்று. ஆயினும் விவசாயி சொல்லை மாத்திரம் நம்ப வேண்டியதில்லை. இரண்டு பாத்திகளில் பழைய முறையையே தொடருமாறு கூறி, அறுவடையில் இரண்டையும் நிறுத்துப் பார்க்கச் செய்வதே நேர்மையான வழி.

மண் பரிசோதனையின் எல்லையையும் பட்டதாரி முதலிலேயே கூறிவிட வேண்டும். நைதரசன் மழையோடு விரைவாக அசைவதால், அதன் அளவைப் பரிசோதனையைக் கொண்டு மாத்திரம் தீர்மானிக்க முடியாது. பயிரையும் பருவத்தையும் பார்த்தே பகிர்ந்து இட வேண்டும். பக்டீரியா வாடலையோ வேர்ப்புழுவையோ இப்பரிசோதனை காட்டாது. முடிவுகளும் தவறலாம். சீர்செய்யப்படாத பீ.எச். மானி, ஈரத்துடன் பொலித்தீன் பையில் கட்டிவைத்த மண், பசளையிட்ட மறுவாரமே எடுத்த மாதிரி ஆகியன தவறான எண்களைத் தரும். இதனைக் கண்டறிய எளிய உபாயம் ஒன்றுண்டு. ஒரே மண்ணை இரு பைகளிலிட்டு, வெவ்வேறு இலக்கங்களில் அனுப்பிப் பார்த்தல் வேண்டும். இரண்டு முடிவுகளும் பெரிதும் வேறுபடின் அத்தொகுதியை நம்பி ஆலோசனை கூறலாகாது.

இவையெல்லாம் தொழில் அறிவு சார்ந்தவை, கற்றவரால் செய்யக்கூடியவை. கடினமான கேள்வி வருமானம் பற்றியது. ஒருமுறை பரிசோதித்த மண்ணை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் பரிசோதிக்கத் தேவையில்லை. ஆகவே பரிசோதனைக் கட்டணத்தை மாத்திரம் நம்பி ஒருவர் வாழ முடியாது. இந்தியா இதில் நமக்கு முந்திய அனுபவம் உடையது. 2002இல் அங்கு தொடங்கப்பட்ட வேளாண் மருந்தகத் திட்டத்தின் கீழ் விவசாயப் பட்டதாரிகளுக்குப் பயிற்சியும் வங்கிக்கடனும் மானியமும் வழங்கப்பட்டன. தமிழகத்திலும் பலர் பயன்பெற்றனர். ஆனால் ஆலோசனையோடு இடுபொருள் விற்பனையையோ நாற்றுமேடையையோ கால்நடை வளர்ப்பையோ இணைத்தே பலரால் நிலைக்க முடிந்தது. விற்பனையில் இறங்கும் ஆலோசகர் பசளைக் கடைக்காரரின் இடத்துக்கே மீண்டும் வந்துவிடுகின்றார் என்பதே இங்குள்ள சிக்கல். 2015இல் அந்நாடு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் மற்றொரு பாடத்தைத் தருகின்றது. நீர்ப்பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேயருக்கு ஒரு மாதிரி, மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேயருக்கு ஒரு மாதிரி என்ற அடிப்படையில் அட்டைகள் வழங்கப்பட்டன. இது சமவெளிக்கே பெரிய பரப்பு. ஒரு ஹெக்டேயருக்குள் பல வகை மண்ணைக் காணக்கூடிய கண்டி மலைச்சரிவுகளுக்கு அம்முறை சிறிதும் பொருந்தாது.

ஆகவே, ஒரு மலைச்சரிவைச் சேர்ந்த இருபது விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, ஒரே நாளில் மாதிரி எடுக்கச் செய்து, போகத்துக்கு ஒரு தொகையென ஆலோசனைக் கட்டணம் செலுத்தும் முறையே நடைமுறைக்கு ஏற்றது என நாம் கருதுகின்றோம். ஒருவர் செலுத்தும் தொகை அவர் வாங்காமல் விடும் ஒரு பசளைப் பொதியின் விலையைவிடக் குறைவாயின் எவரும் தயங்கார். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்ட பின்னரும், 2022இல் விலைகள் பன்மடங்கு உயர்ந்ததை அனுபவித்த விவசாயிக்கு ஒரு பொதியின் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

அரச தரப்பிடம் கேட்க வேண்டியவை சிலவே. குழுவாக அனுப்பப்படும் மாதிரிகளை ஏற்று, பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னரே முடிவை வழங்க ஆய்வுகூடங்கள் முன்வர வேண்டும். நடுகை முடிந்த பின்னர் வரும் அறிக்கையால் பயனில்லை. அறிக்கை தமிழிலும் வழங்கப்பட வேண்டும். அக்குறணையில் மிளகு பயிரிடும் முஸ்லிம் விவசாயியும், லயத்துக்கு அருகே மரக்கறி பயிரிடும் தோட்டத் தொழிலாளியும் தமது மண்ணைப் பற்றிய செய்தியைப் பிறரைக் கொண்டு வாசிப்பிக்கும் நிலை நீங்க வேண்டும். அத்தொழிலாளியைப் பொறுத்தவரை மேலும் ஒரு தடை உண்டு. டொலமைட்டின் பயன் பல போகங்களுக்கு நீடிப்பது. தான் பயிரிடும் துண்டு நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர், அடுத்த ஆண்டு எவருக்குச் சொந்தமாகும் என்று அறியாத மண்ணில் எட்டுப் பொதி டொலமைட்டை ஏன் இட வேண்டும்? எவ்வளவு திறமையான பட்டதாரியாலும் இக்கேள்விக்கு விடையளிக்க இயலாது. அவ்விடையைத் தர வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கின்றனர்.