கிடைக்காத பக்கங்களுக்கு முடிவுரை எழுதாதீர்கள்

அசோக் நகர் வாசிப்பு வட்டத்துக்காக, அண்ணலின் ‘பௌத்தத்தின் நலிவும் வீழ்ச்சியும்’ கட்டுரையைச் சுருக்கினேன். 1987இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. முதலில் கிடைத்தவை திருத்தப்படாத 5 பக்கங்களே, பிறகு எஸ்.எஸ்.ரேகே தந்த 18 பக்கத் தட்டச்சுப் படியைச் சேர்த்ததாகப் பதிப்புக் குறிப்பு சொல்கிறது. முடிவுறாத பெருநூலின் ஒரு பகுதி இது.

இதிலிருந்து முஸ்லிம் படையெடுப்பை மட்டும் உருவி, ‘அம்பேத்கரின் இறுதித் தீர்ப்பு’ என்று பரப்புகிறார்கள். பார்ப்பனியத்துக்கு அரச ஆதரவு இருந்ததையும், பிறப்பால் வரும் புரோகிதம் அதனால் பிழைத்ததையும் அதே கட்டுரை பேசுகிறது.

எனவே என் முதல் வரி: ‘இது 18 பக்கங்களின் சாரம் மட்டுமே. கிடைக்காத அத்தியாயங்களில் அவர் இதை எங்கே கொண்டுபோய் முடித்திருப்பார் என்பதை இச்சுருக்கம் சொல்லாது.’