சித்தி வீட்டுக் காபித்தூளும் கூகுள் மேப்பும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. காரணம் நம்ம ஆடலூர் சித்தி.

ஆடலூர் தெரியுமில்ல? பழனி மலையோட கீழ்ப்பகுதி, பன்றிமலை பக்கம். கொடைக்கானல் கூட்டம் அவ்வளவா எட்டிப் பாக்காத ஊரு. அங்க சித்தி தன் வீட்டுலேயே காபிக்கொட்டை வறுத்து, அரைச்சு, பொட்டலம் போட்டு விக்கறாங்க. "மலைக்கு வர்ற கார்க்காரங்களுக்கு நம்ம வீடு தெரியணும்டா, மேப்புல போட்டுக் குடு"ன்னாங்க. அஞ்சு நிமிஷ வேலைன்னு நெனச்சேன். ஹிஹி.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. வீட்டுல தொழில் பண்ற எல்லாருக்கும் மேப்புல இடம் கிடையாது. வாங்கறவங்களை நேர்ல பாக்கற தொழிலா இருக்கணும். கூரியர்ல மட்டும் அனுப்பறவங்களுக்கு அந்தப் பதிவே பொருந்தாது. நாமளே போய் குடுக்கற தொழில்னா முகவரியை மறைச்சுட்டு, எந்தெந்த ஊருக்குப் போவோம்னு மட்டும் காட்டலாம். ஆனா அப்போ மேப்புல புள்ளி விழாது. ஆளுங்க வீட்டுக்கே வரணும்னா முகவரியைக் காட்டித்தான் ஆகணும், வாசல்ல நிரந்தரமா ஒரு போர்டும் இருக்கணும்.

எனக்கு மறைக்கறதுதான் சரின்னு பட்டது. சித்தி தனியா இருக்காங்க. முன்பின் தெரியாதவன் ராத்திரி பத்து மணிக்கு வந்து கேட்டைத் தட்டினா? சொன்னேன். "காபித்தூள்னு வாசல்ல போர்டு மாட்டின பொறவு என்னடா ஒளிவு மறைவு?"ன்னுட்டாங்க. கடைசியில காலை 10 முதல் மாலை 4 வரைன்னு நேரம் போடறதா சமாதானம் ஆச்சு.

அடுத்த கூத்து என்னோடது. திண்டுக்கல்ல உக்காந்துக்கிட்டே எல்லாத்தையும் நிரப்பினேன். ஊர்ப் பேரை அடிச்சதும் புள்ளி ஊர் நடுவுல போய் விழுந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். வீடு அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, எஸ்டேட் ரோட்டுல! பேரு வேற 'சித்தி ஃபில்டர் காபித்தூள் ஆடலூர்'னு நீட்டி வச்சிருந்தேன். போர்டுல 'சித்தி காபித்தூள்' மட்டும்தான். பேரு போர்டுல உள்ளபடியே இருக்கணுங்கறது விதி. சரிபார்ப்பு வீடியோ தேறலை. தேறாதது நியாயம்தான், தப்பு பூரா எம்மேல.

முன்னாடியெல்லாம் அஞ்சு எண் போட்ட கார்டு தபால்ல வரும். இப்போ பெரும்பாலும் வீடியோதான் கேக்கறாங்க, எந்த வழின்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது. ஏற்கனவே எடுத்து வச்ச வீடியோ செல்லாது. அந்த இடத்துல நின்னு, குறைஞ்சது 30 வினாடி, நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுக்கணும். மூணு விஷயம் தெரியணும்: இடம், தொழில், அதை நடத்தறது நாமதான்ங்கறது.

ரெண்டாவது தடவை நேர்லயே போனேன். ரோட்டு முனையில இருக்கற ஊர்ப் பலகையில ஆரம்பிச்சு, வாசல் போர்டுக்கு நடந்து, சித்தி சாவி போட்டுத் திறக்க, உள்ள வறுக்கற உருளை, அரவை மிஷின், லேபிள் ஒட்டின பொட்டலம்னு காட்டி, கடைசியில அதே பேரும் முகவரியும் உள்ள உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ்ல முடிச்சேன். ஆதார், பேங்க் புத்தகம், ஆளுங்க முகம் எதுவும் காட்ட வேணாம், காட்டவும் கூடாது. எடுத்து முடிச்சா ஏத்தறதுக்கு சிக்னல் கம்மி. பொறுமையா நின்னு ஏத்தினேன். அஞ்சு வேலை நாள் வரைக்கும் ஆகலாம்னு போட்டிருந்தது. நாலாம் நாள் ஓகே ஆயிடுச்சு.

இத்தோட முடிஞ்சதுன்னு நெனச்சா, முதல் கார்க்காரர் போன் பண்றார்: "மேப்பு வந்துட்டோம்ங்குது, இங்க வெறும் சரிவுதான் இருக்கு!"

வீடு ரெண்டு கொண்டை ஊசி வளைவுக்கு நடுவுல இருக்கு. நான் செயற்கைக்கோள் படத்தைப் பாத்து புள்ளியைச் சரியா கூரை மேல வச்சிருந்தேன். வழிகாட்டி பொதுவா புள்ளிக்குக் கிட்டத்துல எந்த ரோடு இருக்குன்னுதான் பாக்கும், மேடு பள்ளம் பாக்காது. கூரைக்குக் கிட்டத்துல இருந்தது கீழ் வளைவு ரோடு. ஆனா கேட் இருக்கறது மேல் வளைவுல. சமவெளியில நாப்பது அடி தள்ளி நின்னா கண்ணுக்குத் தெரிஞ்சிடும், மலையில அது வேற ரோடு! புள்ளியைக் கேட்டுக்கு நகர்த்தினேன், திருத்தம் ஏற ஒரு நாள் ஆச்சு. அப்புறம் வேற ஒருத்தர் போன்ல வழி போட்டு, பன்றிமலைப் பக்கமிருந்து ஒரு தடவை, கீழயிருந்து ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். ரெண்டும் கேட்டுலயே நின்னுச்சு.

அதனால நான் சொல்றது இதான். சரிபார்ப்பு ஆயிடுச்சுன்னா, நாம இருக்கோம்னு ஒத்துக்கிட்டாங்கன்னு மட்டும்தான் அர்த்தம். வண்டி வந்து சேருமாங்கறது வேற கணக்கு. அதை நாமதான் ஓட்டிப் பாக்கணும். மலையில புள்ளி கேட்டுல இருக்கட்டும், கூரையில வேணாம். தெருவுக்குப் பேரே இல்லாத வீடுன்னா, அந்தப் புள்ளியை அழுத்தினா வர்ற பிளஸ் கோடை வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்க. ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டம் அது, கேட்டைக் காட்ட அது போதும்.

மறைக்கணும்ங்கற என் கட்சியை இன்னும் விடலை. போன ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு ஒரு வண்டி வந்து ஹார்ன் அடிச்சதாம். சித்தி கேட்டைத் திறக்கலை, ஜன்னல்லயிருந்தே "நாளைக்கு பத்து மணிக்கு வாங்க"ன்னு சொல்லியிருக்காங்க. வந்து அரைக்கிலோ வாங்கிட்டுப் போனாங்களாம்.