50 சதவீத லாபம் உண்மையா?

கடம்பத்தூரில் ஒருவருக்கு நிலம் இருக்கிறது. செங்கல் சூளை போடலாம்; அல்லது ஹாலோ பிளாக் கல் செய்யலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும். எதற்கும் முதல் ரூ.10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

சூளையில் ஓராண்டு கழித்து ரூ.26 லட்சம் வரும். மறு ஆண்டு முடிவில், மண் தோண்டிய பள்ளத்தை மூட ரூ.16.5 லட்சம் போகும். ஹாலோ பிளாக்கில் முதல் ஆண்டு ரூ.5 லட்சம், மறு ஆண்டு ரூ.8 லட்சம் வரும்.

ஹாலோ பிளாக்கின் ஈட்டு விகிதம் சுமார் 18 சதவீதம். சூளைக்கோ 50 சதவீதம் என்பார் ஒரு கணக்கர். 10 சதவீதம் என்பார் இன்னொருவர். கணக்குப்படி இரண்டும் சரி! பணம் போய், வந்து, மறுபடியும் போவதால் இரண்டு விடை வருகிறது. அப்படிப்பட்ட விகிதத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது.

பின் என்ன வழி? கடன் வட்டி 12 சதவீதமானால், அடுத்த ஆண்டு வரும் ரூ.112, இன்றைய ரூ.100-க்குச் சமம். இப்படி எல்லாத் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, முதலைக் கழிக்க வேண்டும். சூளையில் மிஞ்சுவது சுமார் ரூ.6 ஆயிரம். ஹாலோ பிளாக்கில் ரூ.84 ஆயிரம்!

வட்டி 17 சதவீதமானால் சூளையே சற்று மேல். ஆகவே முதலில் வட்டியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மிஞ்சும் ரூபாயைப் பாருங்கள்.