நீலக் குறியை முதலில் பார்ப்பவர்களுக்கு

திரைப்பிடிப்பில் நீலக் குறி தெரிந்தால் கணக்கு மெய்யானதே எனப் பெங்களூரின் படித்த வட்டங்கள் இன்னும் வாதிடுகின்றன. 2022 ஜனவரி 12 அன்று ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ட்விட்டர் கணக்கு களவாடப்பட்டு, ‘எலான் மஸ்க்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. குறியும் இலட்சக்கணக்கான பின்தொடர்வோரும் அப்படியே இருக்க, காட்டிக்கொடுத்தது @MIB_India என்ற முகவரிதான். அவ்வாண்டு நவம்பரிலோ குறியே சந்தாச் சரக்காயிற்று!

முகவரியையும் கண்ணால் மட்டும் நம்பலாகாது. பெங்களூரு காவல்துறையின் @BlrCityPolice-இல் சிறிய l நீக்கிப் பெரிய I இட்டால் பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. blrcitypolice எனத் தட்டித் தேடி, அசல் கணக்கில் அப்பதிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையேல் அழிக்கப்பட்டிருக்கவும் கூடும். பதிவின் திரைப்பிடிப்பு பின்தொடர்வோரின் எண்ணிக்கையைத் தராது. அதுவும் சேர்ந்த மாதமும் பழைய பதிவுகளும் கணக்கின் பக்கத்தில்தான் கிடைக்கும்.