கள்ளு இயற்கைதான்... ஆனா போதை பொய்யா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன ஆடி மாதம் முனீஸ்வரர் பூஜை முடிஞ்சதும் கோயில் பின்னால ஒரு தம்பி மோட்டார் சாவியைத் தேடிக்கிட்டு நின்னாரு. காலையிலிருந்து விரதம், வெறும் வயிறு. படையல் முடிஞ்ச கையோட ஒரு லிட்டர் போத்தல் தென்னங்கள்ளு உள்ளே போயிருக்கு. தொண்டர்கள் நாங்க சாவியை வாங்கி வெச்சோம். உடனே கூட இருந்த பெரியவங்களே எங்களைத் திட்டினாங்க. "கள்ளுதானேடா குடிச்சான், பீரா குடிச்சான்? இது மரத்துல இருந்து வர்றது, உடம்புக்கு நல்லது" என்றார்கள்.

இந்த வார்த்தைக்குத்தான் இன்னைக்கு பதில் சொல்றோம்.

மரத்துல இருந்து வர்றது கள்ளு கிடையாது. பாளையைச் சீவினா சொட்டுறது வெறும் இனிப்பு நீர். ஒரு லிட்டரில் 120 முதல் 150 கிராம் சர்க்கரை இருக்கும், போதை துளியும் இருக்காது. முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினா அது பதநீர், குழந்தைக்கும் கொடுக்கலாம். சுண்ணாம்பு இல்லாத முட்டியில் என்ன நடக்குது? காற்றிலும், நேத்து கள்ளு இருந்த அந்த முட்டியின் உள்பக்கத்திலும் ஈஸ்ட் ஒட்டிக்கிட்டு இருக்கு. அது சர்க்கரையைத் தின்னு பாதியை ஆல்கஹாலாகவும் மீதியை வாயுவாகவும் மாத்துது. பொங்கி வர்ற நுரை அந்த வாயுதான். மரத்தை விட்டு இறக்கும்போதே இந்த வேலை பாதி நடந்திருக்கும்.

சில மணி நேரத்திலேயே 4 சதவீத ஆல்கஹால் வந்துடும். சாயங்காலத்துக்குள் 5, 6. ஒரு நாள் கழிச்சு அதைத் தாண்டவும் செய்யும். அப்புறம்தான் புளிச்சு காடியாகப் போகும். கடையில் விற்கிற பீர் பெரும்பாலும் 5 சதவீதம். அப்படின்னா எது பெருசு, நீங்களே சொல்லுங்க.

பீர் டின் மேல சதவீதம் அச்சடிச்சிருக்கு. கள்ளுப் போத்தல் மேல யார் அச்சடிச்சா? நாக்கும் நம்மை ஏமாத்தும். இனிப்பா இருந்தா "லேசு" என்கிறோம். ஆனா மிச்சமிருக்கிற சர்க்கரையின் இனிப்பு, ஏற்கெனவே உண்டான ஆல்கஹாலை மறைச்சிடும். காலையில் வாங்கி, மூடி, சாயங்காலம் பூஜைக்குக் கொண்டு வர்ற போத்தல் காலையில் ருசி பார்த்த அதே கள்ளு இல்லை. மூடியைத் திறந்தா பீறிட்டு அடிக்குதே, உள்ளே ஈஸ்ட் நாள் பூரா வேலை பார்த்திருக்குன்னு அர்த்தம்.

அந்தத் தம்பி கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர், 6 சதவீதம்னா 60 மில்லி சுத்த ஆல்கஹால். 320 மில்லி பீர் டின்னில் இருக்கிறது 16 மில்லி. அதாவது "கள்ளுதானே" என்று சொல்லி ஏறக்குறைய நாலு டின் பீர் குடிச்சிருக்காரு. 60 கிலோ எடையுள்ள ஒருத்தருக்கு, இரண்டு மணி நேரம் கழிச்சும் 100 மில்லி இரத்தத்தில் சுமார் 80 மில்லிகிராம் நிற்கும். நம்ம நாட்டுச் சட்டம் 2020-ல் இருந்து அனுமதிக்கிறது 50 மட்டும். போலீஸ்காரர் ஊதச் சொல்ற கருவிக்குத் தென்னை மரம் எது, தொழிற்சாலை எதுன்னு தெரியாது. நம்ம ஈரலுக்கும் தெரியாது. உடம்பு அதைக் கழிச்சு முடிக்க ஏழெட்டு மணி நேரம் போல ஆகும். பச்சைத் தண்ணியில் குளிச்சாலும் காப்பி குடிச்சாலும் சீக்கிரம் போகாது.

"ஈஸ்ட்டில் வைட்டமின் இருக்கே" என்பீங்க. இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அந்த வைட்டமின் முட்டையிலும் பருப்பிலும் இருக்கு, அதைச் சாப்பிட்டுட்டு மோட்டார் ஓட்டினா யாரும் விழறதில்லை. "கெமிக்கல் கலந்த கள்ளுதான் கெடுதல், சுத்தமான கள்ளு செய்யாது" என்பதும் அரை உண்மைதான். கலப்படம் இன்னும் மோசம், சரி. ஆனா நாம கணக்குப் போட்டது கலப்படமே இல்லாத சுத்தக் கள்ளுக்கு!

தாத்தா குடிச்சாரே என்கிறவங்களுக்கு ஒன்று. அந்தத் தாத்தாமார்தான் 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டாங்க. சம்பளம் எங்கே போகுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

முனியாண்டிக்குப் படைக்கிற ஒரு குவளையைப் பற்றி நாங்க பேச வரலை, அது குலவழக்கம். படையல் போக மிச்சத்துக்குக் கேன் கேனா வாங்கி வந்து, "இயற்கை"ன்னு சொல்லி விரத வயித்துப் பிள்ளைகளுக்கு ஊத்துறதைத்தான் கேட்கிறோம். இந்த வருஷப் பூஜைக்கும் வாசலில் நிற்போம். குடிச்சவங்க சாவியை மறுநாள் காலையில்தான் திருப்பிக் கொடுப்போம். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

அந்தத் தம்பி அன்னைக்கு மண்டபத்திலேயே தூங்கி, காலையில் வீட்டுக்குப் போனாரு.